வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும்: ஆறு தசம எண் வினாக்கள் காட்டும் நோக்கமும் எல்லையும்

‘கற்றலுக்கான மதிப்பீடு’ தாளில் வளரறி மதிப்பீட்டையும் தொகுத்தறி மதிப்பீட்டையும் ஒப்பிடச் சொல்லும் வினாவுக்கு மாணவ ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு பத்திகளாகக் கோடு போட்டு விடை எழுதுகிறார்கள். ஒரு பக்கம் ‘பாடத்தின் இடையே நடப்பது’, மறுபக்கம் ‘பாடத்தின் முடிவில் நடப்பது’. ஒரு பக்கம் ‘மதிப்பெண் முக்கியமில்லை’, மறுபக்கம் ‘மதிப்பெண் உண்டு’. இவற்றில் தவறு என்று ஒன்றைச் சுட்டிவிட முடியாது. ஆனால் இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறவரால் எதையும் செய்ய முடியாது என்பதை, வேலூர் மாவட்டப் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்கு வழிகாட்டிய ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரே ஒரு பாடப்பகுதியை, ஏழாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடுவதை எடுத்துக்கொண்டு, இரு மதிப்பீடுகளையும் படிப்படியாக நடத்திக் காட்டுகிறேன்.

படி 1: தாளைப் பார்க்காமல், தாளுக்குப் பின் வரும் முடிவைப் பாருங்கள்

இந்த இரு சொற்களும் முதலில் மாணவரைப் பற்றிப் பிறந்தவை அல்ல. 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் கலைத்திட்டத்தை மதிப்பிடுவது பற்றி எழுதியபோது, உருவாகிக்கொண்டிருக்கும் திட்டத்தைத் திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீட்டையும், முடிந்த திட்டம் தேறுமா என்று தீர்ப்புச் சொல்வதற்காகச் செய்யும் மதிப்பீட்டையும் பிரித்துப் பெயரிட்டார். பிறகு பெஞ்சமின் புளூமும் உடன் எழுதியவர்களும் அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வரலாற்றை நினைவில் வைத்திருப்பதால் ஒரு பயன் உண்டு: தொடக்கத்திலிருந்தே பிரிவினை, தேர்வு நடக்கும் நாளைப் பற்றியதாகவோ வினாவின் வடிவத்தைப் பற்றியதாகவோ இருந்ததில்லை, கிடைத்த தகவலை வைத்து யார், என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே இருந்தது.

எனவே எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய வாக்கியம் இதுதான்: ‘இந்த விடைகளைப் பார்த்தபின் நான் ........ என்பதை மாற்றுவேன்.’ அந்தக் கோடிட்ட இடத்தில் ‘நாளைய பாடம்’ என்றோ ‘இந்த ஐந்து பேரின் பயிற்சி’ என்றோ எழுத முடிந்தால் அது வளரறி மதிப்பீடு. ‘இந்த மாணவர் பருவ முடிவில் இந்த அளவு கற்றிருக்கிறார்’ என்று பெற்றோருக்கோ துறைக்கோ சொல்வதற்காக மட்டும் விடைகளைப் பார்க்கிறீர்கள் என்றால் அது தொகுத்தறி மதிப்பீடு. அந்த இடத்தில் எழுத ஒன்றுமே இல்லையென்றால், பாடத்தின் நடுவில் நடத்தினாலும் அது வெறும் சிறு தேர்வுதான்.

படி 2: தவறான விடையும் பேசும்படி வினாவை அமையுங்கள்

குடியாத்தத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில், 32 மாணவர் கொண்ட ஏழாம் வகுப்பில், பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியை தசம எண்களின் இடமதிப்பை முடித்திருந்தார். ‘எல்லாருக்கும் புரிந்துவிட்டது’ என்று பாடக் குறிப்பேட்டில் எழுதியும் இருந்தார். இருவரும் உட்கார்ந்து ஆறே ஆறு இணைகளை எழுதினோம். ஒவ்வோர் இணையிலும் பெரிய எண்ணை வட்டமிட வேண்டும்.

முதல் வகை: 4.8, 4.63 / 0.5, 0.36 / 7.2, 7.194

இரண்டாம் வகை: 5.736, 5.62 / 0.86, 0.3 / 2.47, 2.1

முதல் வகையில் இலக்கம் குறைந்த எண்ணே பெரியது. இரண்டாம் வகையில் இலக்கம் கூடிய எண்ணே பெரியது. தாளில் இவற்றைக் கலந்து கொடுத்தோம். இப்படிப் பிரித்ததற்குக் காரணம், தசம எண்களில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் கண்டபடி நிகழ்வதில்லை; பெரும்பாலும் இரண்டு பிடிவாதமான தவறான விதிகளிலிருந்து அவை வருகின்றன.

ஒரு விதி, ‘நீளமான எண் பெரியது’ என்பது. புள்ளிக்குப் பின் உள்ளதை முழு எண்ணாகப் படிப்பவர் 63 எட்டைவிடப் பெரியது என்பதால் 4.63-ஐ வட்டமிடுவார். நம் வகுப்பறைப் பேச்சே இதை வளர்க்கிறது: ‘நான்கு புள்ளி ஆறு மூன்று’ என்று படிக்க வேண்டியதை ‘நாலு புள்ளி அறுபத்து மூன்று’ என்று ஆசிரியரே படித்துவிடுகிறார். மற்றொரு விதி இதற்கு நேர் எதிரானது: ‘நீளமான எண் சிறியது’. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது, ஆயிரத்தில் ஒன்று இன்னும் சிறியது என்று சரியாகவே கேட்டுக்கொண்ட பிள்ளை, புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண்ணும் சிறுக்கிறது என்று முடிவுகட்டி 5.736-ஐ விட்டு 5.62-ஐ வட்டமிடும்.

வினா எழுதும்போது நான் சொல்லும் சோதனை ஒன்றே: தவறாகப் புரிந்துகொண்ட மாணவரும் சரியான விடைக்கு வந்துசேர முடியுமா? முடியும் என்றால் அந்த வினா தனியாக நின்று எதையும் சொல்லாது. அதற்கு எதிர்வகை வினா ஒன்றைத் துணைக்கு வைக்க வேண்டும்.

படி 3: கூட்டுத்தொகை போடாமல் வடிவத்தைப் படியுங்கள்

நேரம் பத்து நிமிடம். பெயர் எழுதச் சொன்னோம். ‘இதற்கு மதிப்பெண் கிடையாது, நாளைக்கு எதை நடத்துவது என்று நான் தெரிந்துகொள்ள’ என்று ஆசிரியை சொன்னார். தாள்களைத் திருத்தும்போது அவருடைய கை, பழக்கத்தினால், முதல் தாளின் மூலையில் 3/6 என்று போட்டுவிட்டது. அடுத்து வந்த தாளுக்கும் 3/6. அங்கே நிறுத்தி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் மாணவன் முதல் வகை மூன்றிலும் தவறி, இரண்டாம் வகை மூன்றிலும் சரியாக இருந்தான். அடுத்தவள் முதல் வகை மூன்றும் சரி, இரண்டாம் வகை மூன்றும் தவறு. இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் ஒருவர் நம்புவது மற்றவர் நம்புவதற்கு நேர் எதிரானது. இருவரையும் ஒரே ‘மெல்லக் கற்போர்’ குழுவில் உட்காரவைத்து ஒரே பாடத்தை மறுபடி நடத்தியிருந்தால் ஒருவருக்கும் பயன்பட்டிருக்காது.

அவனை அழைத்துக் கேட்டபோது, “எட்டவிட அறுபத்திமூணு பெருசுதானே டீச்சர்?” என்றான். அவளோ, “ஆயிரத்துல ஒரு பங்குன்னா ரொம்ப சின்னது டீச்சர், அதான்” என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவளை மேலே கொண்டுவர முடியும்.

முழு வகுப்பின் நிலை இப்படி இருந்தது: ஆறும் சரி 11 பேர், ‘நீளமானது பெரியது’ வடிவம் 9 பேர், ‘நீளமானது சிறியது’ வடிவம் 5 பேர், எந்த வடிவத்திலும் அடங்காதவர் 7 பேர்.

இரண்டில் ஒன்றை வட்டமிடும் வினாவில் குருட்டுவாக்கில் விடை சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆறு வினாக்களையும் யோசிக்காமல் வட்டமிட்டால் 64 விதமான விடைத்தாள்கள் வரலாம். அவற்றில் 20 தாள்கள் மூன்று மதிப்பெண் பெறும். ஆனால் மேலே சொன்ன குறிப்பிட்ட வடிவம் ஒவ்வொன்றும் 64-இல் ஒரு தடவைதான் வரும். அதாவது 3/6 என்ற எண்ணை நம்புவதைவிட வடிவத்தை நம்புவதற்கு அதிகக் காரணம் இருக்கிறது.

படி 4: அடுத்த வகுப்பிலேயே செயலாக்கி, மறுபடி பாருங்கள்

ஒன்பது பேருக்கும் ஐந்து பேருக்கும் நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தாள் கொடுத்தோம். ஆனால் வேறு வேறு வேலை. ஒன்பது பேர் 0.8-க்கும் 0.63-க்கும் வண்ணமிட்டார்கள். எட்டு முழு வரிசைகள், அதாவது 80 கட்டங்கள், ஒருபுறம். 63 கட்டங்கள் மறுபுறம். அதோடு அன்றிலிருந்து வகுப்பில் யாரும் புள்ளிக்குப் பின் ‘அறுபத்து மூன்று’ என்று படிக்கக் கூடாது என்று ஆசிரியை தமக்கும் சேர்த்து விதி வைத்துக்கொண்டார். ஐந்து பேர் 0.3-க்கும் 0.86-க்கும் வண்ணமிட்டு, பிறகு எண்கோட்டில் 0.3-க்கும் 0.4-க்கும் இடையே இன்னும் என்னென்ன எண்கள் உண்டு என்று எழுதினார்கள். வடிவம் தெரியாத ஏழு பேரிடம் ஒருவர் ஒருவராகப் பேசினோம். அவர்களில் பலருக்கு இடமதிப்பே தெளிவாக இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கடைசியில் சுழியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கு, 4.80, 4.63, இப்போது ஒப்பிடு’ என்ற குறுக்குவழியை நம்மில் பலர் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். அதைச் சொன்ன மறுநிமிடம் விடைகள் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பிள்ளை உள்ளே என்ன நினைக்கிறது என்பதைக் காட்டிக்கொண்டிருந்த சாளரமும் மூடிவிடும். புரிதல் வந்தபின் அதை வசதிக்காகத் தரலாம். புரிதலுக்குப் பதிலாகத் தரக் கூடாது.

நான்கு நாள் கழித்து வேறு இணைகளோடு, ‘ஏன்?’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி, மறுபடி பார்த்தோம். ஒன்பது பேரில் ஏழு பேர் தெளிந்திருந்தார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர்தான். மீதி மூவரின் சிக்கல் பின்னங்களில் இருந்தது. அது இந்தப் பாடத்துக்குள் தீரக்கூடியதாக இல்லை. இப்படி மறுபடி பார்க்காமல் விட்டிருந்தால், சதுரத்தாளைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நம்பியிருப்போம்.

படி 5: தொகுத்தறித் தாளை வேறு கண்ணோடு அமையுங்கள்

பருவ முடிவுத் தேர்வின் கடமை வேறு. ஒரு பருவத்தில் நடத்திய எல்லாப் பகுதிகளுக்கும் உரிய பங்கு கொடுத்து, எல்லா மாணவருக்கும் ஒரே நிபந்தனையில், வேறு ஆசிரியர் திருத்தினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வரும்படி அது இருக்க வேண்டும். அதனால்தான் அங்கே வினாத்தாள் திட்ட வரைவும் விடைக்குறிப்பும் கட்டாயமாகின்றன. தசம எண் ஒப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். ஆறு இணைகளை அங்கே வைக்க இடம் கிடையாது, வைக்கவும் கூடாது.

ஆனால் அந்த இரண்டு மதிப்பெண் எப்படிச் செலவாகிறது என்பதில் ஏற்புடைமை அடங்கியிருக்கிறது. அந்தப் பருவத்தின் தாளில் வந்த வினா: ‘6.24, 6.42, 6.04 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுக.’ மூன்றும் சம இலக்கமுள்ளவை. ‘நீளமானது பெரியது’ என்று நம்புபவரும் 24, 42, 04 என்று பார்த்துச் சரியாக எழுதிவிடுவார். ‘நீளமானது சிறியது’ என்று நம்புபவருக்கும் இங்கே தடுமாற இடமில்லை. நாங்கள் அடையாளம் கண்டிருந்த, இன்னும் தெளியாத அந்த மூன்று பேரும் முழு மதிப்பெண் பெற்றார்கள். நம்பகத்தன்மையில் குறையில்லாத வினா. யார் திருத்தினாலும் அதே மதிப்பெண்தான். ஆனால் அளப்பதாகச் சொன்னதை அது அளக்கவில்லை. 6.4, 6.24, 6.412 என்று கொடுத்திருந்தால் போதும். நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் ஒன்றல்ல என்பதை விடைத்தாளில் விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

படி 6: ஒவ்வொன்றின் எல்லையையும் அதன் நோக்கத்திலிருந்தே வருவியுங்கள்

தொகுத்தறி மதிப்பீடு பரப்பைப் பார்ப்பதற்காக ஆழத்தை விட்டுக்கொடுக்கிறது. 58 என்ற எண் எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அது வரும்போது பருவமும் முடிந்திருக்கும். கண்ட குறையை நிரப்ப அதே ஆசிரியருக்கு அதே வகுப்பில் நாள் மிஞ்சுவதில்லை.

வளரறி மதிப்பீட்டின் எல்லைகளைத்தான் மாணவ ஆசிரியர்கள் எழுதாமல் விடுகிறார்கள். அதைக் குறையே இல்லாததாக எழுதுவது தேர்வில் மட்டுமல்ல, வகுப்பிலும் பிழை. முதலாவது, எங்கள் ஆறு வினாக்கள் அந்த வகுப்புக்காக அந்த வாரத்துக்காக எழுதியவை. அதை வைத்து இந்தப் பள்ளியையும் பேரணாம்பட்டில் உள்ள ஒரு பள்ளியையும் ஒப்பிட முடியாது. இரண்டாவது, கருவி எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். ஆறும் சரியாக வட்டமிட்ட 11 பேரில் சிலர் தசம எண்ணை ரூபாய், பைசாவாகவே பார்ப்பவர்கள், 17.35, 17.353 இரண்டில் எது பெரியது என்று பிறகு கேட்டபோது, இரண்டு பேர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றார்கள். எங்கள் ஆறு இணைகளும் அவர்களைத் தப்பவிட்டிருந்தன. மூன்றாவது, பாடப்பொருளில் ஆசிரியருக்கு உள்ள ஆழம்தான் இதன் உச்சவரம்பு. இரண்டு தவறான விதிகளைப் பற்றி அறியாதவர் அதே தாள்களைத் திருத்தினால் ‘கவனக்குறைவு’ என்றுதான் எழுதுவார்.

நான்காவது, பின்னூட்டம் தந்தாலே பயன் வரும் என்பதும் உண்மையல்ல. 1996-இல் குளூகரும் டெனிசியும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பின்னூட்டம் நன்மை செய்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் குறைந்திருந்தது. 1988-இல் ரூத் பட்லர் செய்த ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது: குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தாள் வாங்கியதும் முதலில் மூலையைப் பார்ப்பதும், பக்கத்துப் பையனின் மூலையைப் பார்ப்பதும், தாளை மடித்துப் பையில் வைப்பதும் நாம் தினமும் காண்பதுதான்.

படி 7: நாற்பதும் அறுபதும் சேரும் இடத்தில் நிதானியுங்கள்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29-இல், குழந்தையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறிப் பகுதி செயல்பாடுகளை ‘அ’ என்றும் சிறு தேர்வுகளை ‘ஆ’ என்றும் கொண்டது.

இந்த ஏற்பாட்டில் நல்ல நோக்கம் இருக்கிறது: மதிப்பெண் இல்லாத எதையும் பள்ளி பொருட்படுத்தாது என்ற நடைமுறையை அறிந்து, அன்றாட வேலைக்கும் எடை தந்தார்கள். ஆனால் வளரறித் தாளின் மதிப்பெண் பருவ முடிவின் கூட்டுத்தொகைக்குள் போன அந்த நிமிடத்திலேயே அந்தத் தாள் தொகுத்தறி வேலையையும் செய்யத் தொடங்குகிறது. தவற்றை வெளியே காட்டுவதற்காக இருந்த இடத்தில் தவறு செய்தால் மதிப்பெண் போகும் என்றானபின், மாணவர் தெரியாததை மறைக்கிறார். ஆசிரியரும் ‘பாவம், குறைக்க வேண்டாம்’ என்று 40-க்கு 36, 37 போடுகிறார். இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது: பதிவேட்டில் ஒரு வகுப்பின் வளரறி மதிப்பெண்கள் எல்லாம் 34-க்கும் 38-க்கும் இடையே நெருங்கிக் கிடக்க, தொகுத்தறி மதிப்பெண்கள் 60-க்கு 12 முதல் 57 வரை விரிந்து கிடந்தால், அந்த நாற்பது எதையும் சொல்லவில்லை.

நான் பரிந்துரைக்கும் வழி, ஒரு பாடப்பகுதிக்கு இரண்டு தாள்கள். எங்கள் ஆறு இணைகளைப் போன்றது முதலில். அது பதிவேட்டில் ஏறாது, ஆசிரியரின் குறிப்பேட்டில் ‘9 - 5 - 7’ என்ற வடிவக் கணக்காக மட்டும் நிற்கும். திருத்தக் கற்பித்தல் முடிந்தபின், வேறு எண்களோடு நடக்கும் சிறு தேர்வு பதிவேட்டுக்குப் போகும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பாடவேளையில் பத்து நிமிடமும், 32 தாளுக்கு மாலையில் அரை மணி நேரமும். அறுபது பேர் உள்ள வகுப்பில் இது இரட்டிப்பாகும் என்பதையும், ஐந்து பாடம் எடுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியரால் எல்லாப் பகுதிக்கும் இதைச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பருவத்துக்கு மூன்று பகுதிகளை, பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறுகிற பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

படி 8: விடைத்தாளில் எழுதும் முறை

பத்து மதிப்பெண் வினாவானால், வரையறையை இரண்டே வாக்கியத்தில், ‘கிடைத்த தகவலால் எடுக்கப்படும் முடிவு’ என்ற அடிப்படையில் எழுதி நகர்ந்துவிடுங்கள். அடுத்து நோக்கத்தை ஒப்பிடுங்கள். பிறகு, உங்கள் பாடத்திலிருந்து ஒரே வினாவை எடுத்து, அது வளரறியாகவும் தொகுத்தறியாகவும் பயன்படும்போது என்ன மாறுகிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். தமிழாசிரியர் ‘ர’, ‘ற’ பிழைகளையும், அறிவியல் ஆசிரியர் எடைக்கும் நிறைக்கும் உள்ள குழப்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லைகளை எழுதும்போது ‘நேரம் போதாது’ என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நோக்கமும் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறது என்று காட்டுங்கள்: ஒன்று ஆழத்துக்காக ஒப்பிடும் தன்மையை விடுகிறது, மற்றொன்று ஒப்பிடும் தன்மைக்காக ஆழத்தை விடுகிறது. இரண்டு பத்தி அட்டவணை வேண்டுமென்றால், அதை இவையெல்லாம் எழுதியபின் ஐந்து வரிசைக்குள் கடைசியில் போடுங்கள்.